வயதெல்லைக் கட்டத்தில் கண்டவை: அரச வேலைக்குப் போடுறவர்கள் எழுதுங்கோ

வெள்ளவத்தைக்காரன்
தபாற்கந்தோர் வரிசையில் எனக்கு முன்னால் நின்ற தங்கச்சியின் விண்ணப்பம் இன்னும் மனதை விட்டுப் போகுதில்லை. வயது கட்டத்தில் தன் கையாலேயே 30 வருடம் 2 மாதம் 11 நாள் என்று நிரப்பியிருந்தா. கெசட்டில் "30 வயதிற்கு மேற்படாதவர்". 31 பிறக்கும் மட்டும் 30தானே என்றா. பதிவுத்தபாலுக்குக் காசும் கட்டியாச்சு. இப்படி நினைக்கிறவர்கள் வேற ஆரும் இருக்கிறீங்களா?

கொட்டாஞ்சேனை_88
அந்தப் பிள்ளை சொன்னது சரி, 31 தொடங்கினால்தான் பிழை. வயது பார்க்கிறது பரீட்சை நடக்கிற நாளைக்கு, அதுவும் ஞாபகம் இருக்கட்டும்.

பழைய_கிளாக்கர்
தம்பி, இரண்டுமே பிழை. பார்க்கிறது விண்ணப்ப முடிவுத் திகதிக்கு. பரீட்சை ஒரு வருடம் கழித்து வந்தாலும் வயது அன்றோடு நின்றுவிடும், அந்தளவில் அது பிள்ளைகளுக்கு நல்லது.

முடிவுத் திகதி 2025.08.15, எல்லை 30 என்று வைப்போம். 1995.08.15 இல் பிறந்தவருக்கு அன்று சரியாக 30, போடலாம். 1995.08.14 இல் பிறந்தவருக்கு 30 வருடம் 1 நாள், போட முடியாது. கணக்கே தேவையில்லை: வயது நிபந்தனைக்குக் கீழே "பிறந்த தினம் இன்ன திகதியிலோ அதற்குப் பின்னரோ அமைந்தவர்" என்று ஒரு வரி பெரும்பாலும் இருக்கும். சனம் தலைப்பையும் சம்பளத்தையும் வாசித்துவிட்டு அந்த வரியைத் தாண்டிப் போகுது.

இன்னொன்று. பழைய அடையாள அட்டை இலக்கத்தில் முதல் இரண்டு இலக்கம் பிறந்த வருடம், அடுத்த மூன்று அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது, பெண்களுக்கு 500 கூட்டியிருக்கும். 95728 என்று தொடங்கினால் 228 ஆவது நாள். ஆனால் அங்கே எல்லா வருடத்துக்கும் பெப்ரவரி 29 நாளாகத்தான் எண்ணுகிறார்கள். அதனால் அது ஓகஸ்ட் 15. சாதாரணக் கலண்டரில் எண்ணினால் 16 வரும். அட்டையை வைத்து எண்ணி எல்லையில் நிற்கிறவர்கள் ஏமாறுவது இப்படித்தான். பிறப்பத்தாட்சிப் பத்திரத்தில் இருக்கிற திகதியை எடுங்கோ, நேர்முகத்தில் கேட்கிறதும் அதைத்தான்.

நிலா_அம்மா
என் மகனுக்கு 33. சென்னை கோச்சிங் வீடியோவில் ஓபிசிக்கு 3 வருடம், எஸ்சி எஸ்டிக்கு 5 வருடம் தளர்வு என்றார்கள். நாங்கள் எந்தப் பிரிவில் வருவோம்? கடிதம் எங்கே எடுக்கிறது?

பழைய_கிளாக்கர்
அக்கா, அது இந்தியாவின் யுபிஎஸ்சி நடத்துகிற சிவில் சேவைப் பரீட்சைக்கு. அங்கே பொதுப் பிரிவுக்கு 32, அதன்மேல்தான் அந்த 3உம் 5உம். இங்கே சாதி பார்த்து வயது கூட்டுறதில்லை. பல அறிவித்தல்களில் இருக்கிற ஒரே பெரிய தளர்வு, ஏற்கெனவே நிரந்தர அரச சேவையிலோ மாகாண சேவையிலோ இருப்பவருக்கு உயர் வயதெல்லை இல்லை என்பது. மகன் வெளியில் வேலை என்றால் அது பொருந்தாது. பதவிக்குப் பதவி எல்லை வேறு, அந்தந்த கெசட்டையே பாருங்கோ.

கொட்டாஞ்சேனை_88
சரி, முடிவுத் திகதி என்றே வைப்போம். திருத்த கெசட்டில் திகதியை நீடித்தால்? எல்லையில் நிற்கிறவன் அந்த ஒரு மாதத்தில் வெளியே போய்விடுவானே. இது அநியாயம் இல்லையா?

பழைய_கிளாக்கர்
திருத்தத்தில் என்ன எழுதியிருக்கோ அதுதான். "ஏனைய நிபந்தனைகளில் மாற்றமில்லை" என்று மட்டும் போட்டால் பழைய திகதிக்கா புதிய திகதிக்கா என்று ஆளுக்கொரு விளக்கம் சொல்வார்கள். எழுத்தில் கேட்டு வாங்குங்கோ, தொலைபேசியில் சொன்னதை நேர்முகத்தில் காட்ட ஏலாது.

மருதானை_பட்டதாரி
வயதைப் பற்றியே கதைக்கிறீங்கள், பட்டத்தின் திகதி? 2022 உயர்தரம் 2023 ஜனவரியில்தான் தொடங்கியது, பெறுபேறு செப்டம்பரில். அந்த அணியில் 2003 இல் பிறந்த பிள்ளை 2024 இல் கம்பஸ் போனாலும், நாலு வருடப் பட்டம் முடிய 25 ஆகிவிடும். எல்லை 30 என்றால் மிச்சம் ஐந்து வருடம், அதற்குள் அந்த ஒரு பரீட்சை எத்தனை தரம் கெசட்டில் வரும்? வருடாவருடம் வருமென்று நம்பிப் படிக்கிறவர்கள் இரண்டாவது அறிவித்தலுக்குள்ளேயே 29 ஆகிவிடுகிறார்கள். பட்டமளிப்பு விழாவுக்குக் காத்திருக்காதீங்கோ, பட்டம் செல்லுபடியாகும் திகதி முடிவுத் திகதிக்கு முன் இருந்தால் போதும். அதைப் பதிவாளர் கடிதத்தில் எழுதி வாங்குங்கோ, "பெறுபேறு வெளியானது" என்று மட்டும் எழுதித் தந்தால் திருப்பிக் கொடுங்கோ. கெசட் வெள்ளிக்கிழமைகளில் வரும், documents.gov.lk இல் தமிழ்ப் பிரதியையும் சிங்களப் பிரதியையும் ஒப்பிட்டுப் பாருங்கோ, நிபந்தனை மாறுபட்டால் எது செல்லும் என்று அறிவித்தலின் கடைசியில் எழுதியிருப்பார்கள்.

வெள்ளவத்தைக்காரன்
நான் கேட்டது வயது கட்டத்தைப் பற்றி மட்டும்தான் :) அந்தத் தங்கச்சி பட்டதாரிப் பயிலுனராக இருக்கிறா என்று பிறகு தெரிந்தது. பயிற்சிக் கடிதம் நிரந்தர சேவைக்குள் வருமா?

பழைய_கிளாக்கர்
பயிற்சி நிரந்தரம் இல்லை. நிரந்தர நியமனக் கடிதத்தில் உள்ள திகதி முடிவுத் திகதிக்கு முன் இருக்க வேணும், விண்ணப்பமும் திணைக்களத் தலைவர் ஊடாகப் போக வேணும். அது கையில் இருக்கா என்று கேட்டுச் சொல்லுங்கோ.