கெட்டிலும் மைக்ரோவேவும் சேர்ந்து ஓடினால் மட்டும் டிரிப் ஆகிறது

வயரிங் தெரிந்தவர்கள் யோசனை சொல்லுங்கள். சமையலறையில் கெட்டில் தனியாகவோ மைக்ரோவேவ் தனியாகவோ ஓடினால் பிரச்சினை இல்லை. சேர்ந்து ஓடினால் மூன்று, நான்கு நிமிடத்தில் எம்சிபி விழுகிறது. ஆர்சிசிபி விழவில்லை, அதனால் கசிவு இருக்காது என்று நினைக்கிறேன்.

கெட்டில் 1800 வாட். மைக்ரோவேவில் பெரிதாக 900 என்று போட்டிருந்தாலும், பின்பக்க ஸ்டிக்கரில் இன்புட் 1400 வாட். மொத்தம் 3200, 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 14 ஆம்பியர். இரண்டு பிளக்கும் ஒரே சி10 எம்சிபியில். போட்டதும் விழாமல் மெல்லச் சூடேறி விழுவதால் ஓவர்லோடுதானே?

எலக்ட்ரீஷியன் 16 ஆம்பியர் எம்சிபி மாற்றிவிடலாம் என்கிறார். சுவருக்குள் இருப்பது பழைய 1.5 சதுர மில்லிமீட்டர் வயர். எம்சிபி விழாமல் வயர் சூடாகுமோ என்று பயம். மைக்ரோவேவுக்குத் தனி லைன் இழுக்கலாமா? 2.5 வயர் போதுமா, 4 வேண்டுமா?