இரவில் லேப் ரிசல்ட் வரவில்லை, யாரை எழுப்புவது? எஸ்கலேஷன் வரிசை எழுத உதவி வேண்டும்

தஞ்சை_டெஸ்க்
வணக்கம். 200 படுக்கை உள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் ஐடி ஹெல்ப் டெஸ்க் பார்க்கிறேன். இரவில் ஒருவர் மட்டுமே இருப்பார். போன வாரம் இரவு 1:10க்கு, லேப் ரிசல்ட் எதுவும் கம்ப்யூட்டரில் வரவில்லை என்று ஐசியுவிலிருந்து போன் வந்தது. பணியில் இருந்த தம்பி டிக்கெட் போட்டு, 'அவசரம்' என்று குறித்து, சர்வர் அட்மினுக்கு மெயில் அனுப்பியிருக்கிறான். 1:50க்கு போனும் செய்தான், அவர் எடுக்கவில்லை. மேனேஜரை எழுப்பத் தயங்கி உட்கார்ந்துவிட்டான். 3:40க்கு நர்சிங் சூப்பர்வைசரே மேனேஜரைக் கூப்பிட்டார். அதன் பிறகு 15 நிமிடத்தில் சரியாகிவிட்டது. லேப் சர்வரிலிருந்து ரிசல்ட்டை அனுப்பும் சர்வீஸ் நின்றுபோயிருந்தது, அவ்வளவுதான்.

எங்கள் ஆவணத்தில் இதற்கென்று இருப்பது ஒரே வரி: "அவசரமெனில் உடனடியாக உரிய நபருக்குத் தெரிவிக்கவும்." அவனைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. இதை எப்படி மாற்றி எழுதுவது?

டிக்கெட்_ராஜா
டிக்கெட் மென்பொருளில் டைமர் வையுங்கள். 15 நிமிடத்தில் யாரும் எடுக்கவில்லையென்றால் தானாக அடுத்தவருக்குப் போகும். நாங்கள் அப்படித்தான் வைத்திருக்கிறோம், ஆள் தயங்கும் பிரச்சினையே இல்லை.

காலேஜ்_லேப்
எங்களுக்கும் இதே தலைவலி. பிரிண்டரில் பேப்பர் சிக்கினால்கூட எல்லோரும் 'அவசரம்' என்றே டிக்கெட் போடுகிறார்கள். அந்த ஆப்ஷனையே எடுத்துவிடலாமா?

பழைய_ஆன்கால்
காலேஜ்_லேப், உங்களுடையது இதற்கு நேர் எதிரான சிக்கல். ஆனால் இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்: அவசரமா இல்லையா என்பதை ஒருவரின் மனநிலைக்கு விட்டிருக்கிறீர்கள். ஆப்ஷனை எடுக்க வேண்டாம். டெஸ்க் கேட்கிற கேள்வியை மாற்றுங்கள்.

டிக்கெட்_ராஜா சொன்ன டைமர் நல்லதுதான், பகலுக்கு. இரவில் அது தூங்குகிறவருக்கு இரண்டாவது மெயிலை அனுப்பும். போன் மணி அடிக்க வேண்டும், எதிர்முனையில் ஒரு மனிதர் "நான் எடுத்துக்கொண்டேன்" என்று சொல்ல வேண்டும். அதுவரை பிரச்சினை டெஸ்க்கின் கையில்தான் இருக்கிறது.

தஞ்சை_டெஸ்க், அந்த வரியில் 'அவசரம்', 'உடனடி', 'உரிய நபர்' மூன்றுமே இரவு ஒரு மணிக்குத் தனியாக இருப்பவருக்கு உதவாத சொற்கள். பார்த்தாலே தெரிகிற அடையாளத்தை எழுதுங்கள். நான் எழுதினால் இப்படி இருக்கும்:

"ஐசியு, அவசர சிகிச்சை, ஆபரேஷன் தியேட்டர் ஆகியவற்றில் ஏதாவது ஒன்றில், அல்லது இரண்டு வார்டுகளில், ரிசல்ட் வரவில்லையா? முதலில் சர்வர் ஆன்-கால் போனுக்குக் கூப்பிடு. டிக்கெட்டைப் பிறகு போடலாம். 5 நிமிடத்தில் எடுக்கவில்லையென்றால் இரண்டாவது ஆளைக் கூப்பிடு. 10 நிமிடம் ஆகியும் யாரும் கிடைக்கவில்லையென்றால் ஐடி மேனேஜர். இதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை."

கடைசி வாக்கியம்தான் முக்கியம். அதன் கீழே மேனேஜர் கையெழுத்துப் போடட்டும். அந்தத் தம்பிக்கு நம்பர் தெரியாமல் இல்லை, எழுப்பினால் திட்டு விழுமோ என்ற பயம்தான் அவனைத் தடுத்தது. நீங்கள் சொன்ன கணக்கில் இரண்டரை மணி நேரம் போனது, பழுது பார்த்தது 15 நிமிடம்.

ஆட்களின் பெயரை ஆவணத்தில் எழுதாதீர்கள். பொறுப்பை எழுதுங்கள், நம்பர் ஆன்-கால் பட்டியலில் இருக்கட்டும். ஆள் மாறினால் ஆவணம் பொய்யாகாது. அப்புறம், போனில் சொல்ல வேண்டியதையும் எழுதிக் கொடுங்கள்: "ஐசியுவில் 1:10 முதல் ரிசல்ட் வரவில்லை. லேபில் மெஷின் ஓடுகிறது, அவர்கள் திரையில் ரிசல்ட் தெரிகிறது. மூன்றாவது மாடியிலும் இதே நிலை." இதைக் கேட்டால் தூக்கக் கலக்கத்தில்கூட அட்மின் சர்வீஸைத்தான் முதலில் பார்ப்பார். "லேப் சிஸ்டம் போச்சு" என்றால் நெட்வொர்க்கில் ஆரம்பிப்பார்.

இன்னொன்று, இது ஐடி வேலை இல்லைதான். காத்திருக்கும் நேரத்தில் ஆபத்தான அளவில் உள்ள ரிசல்ட்டை லேப் போனில் வாசிக்க வேண்டும், வார்டில் எழுதிக்கொண்டு திருப்பி வாசிக்க வேண்டும். அதைத் தொடங்கச் சொல்லி லேபுக்குப் போன் செய்வதையும் அதே தாளில் சேருங்கள்.

தஞ்சை_டெஸ்க்
மிக்க நன்றி சார். மேனேஜரிடம் காட்டினேன். கையெழுத்துக்குச் சம்மதித்துவிட்டார், ஆனால் முதல் போன் தனக்கே வர வேண்டும் என்கிறார். அட்மினோ, இரவில் போனை வைத்துக்கொள்ளத் தனியாகப் படி கேட்கிறார்.

பழைய_ஆன்கால்
அட்மின் கேட்பது நியாயம். சம்பளம் பேசாத ஆன்-கால் பட்டியல் இரண்டு மாதம் தாங்காது. மேனேஜர் முதலில் வந்தால் ஒவ்வொரு முறையும் ஒரு போன் கூடுதல், அவர் கையால் சர்வீஸைத் தொடங்கப் போவதில்லை. அட்மின் எடுத்தவுடன் மேனேஜருக்கு ஒரு குறுஞ்செய்தி போகும் என்று எழுதிப் பாருங்கள்.

டிக்கெட்_ராஜா
என் மேனேஜரும் முதல் போன் தனக்கு வேண்டும் என்பவர்தான். எங்களுக்கு அது வேலை செய்கிறது, அவர் உடனே எடுப்பார்.

தஞ்சை_டெஸ்க்
அது இன்னும் பேச்சில் இருக்கிறது. நேற்று இரவு 11 மணிக்குச் சொல்லாமல் ஒரு ஒத்திகை பார்த்தோம். இரண்டாவது ஆள் 4 நிமிடத்தில் எடுத்தார். லேப் மென்பொருள் வெண்டருக்கு நாங்கள் வைத்திருந்த நம்பர் ஆபீஸ் லேண்ட்லைன், மாலை 6 மணிக்கு மேல் யாரும் இல்லை. ஒப்பந்தத்தில் இரவு உதவி உண்டா என்று இன்று தேடிக்கொண்டிருக்கிறேன்.