உதவி: தம்பிக்குக் கொடுத்த பவரை வைத்து வாடகைதாரரைக் காலி செய்ய முடியவில்லை

தொலைவில்_வீடு:
நான் வெளிநாட்டில் இருக்கிறேன். ஊரில் உள்ள வீட்டைத் தம்பி பார்த்துக்கொள்கிறான். அவனுக்குக் கொடுத்த பவர் பத்திரத்தில் "வீட்டைப் பராமரிக்கவும், வாடகை வசூலிக்கவும், அதன் பொருட்டுத் தேவையான இதர எல்லாக் காரியங்களையும் செய்யவும்" என்று இருக்கிறது. வாடகைதாரர் ஐந்து மாதமாகப் பணம் தரவில்லை. நோட்டீஸ் அனுப்பினால், "உங்களுக்கு அந்த அதிகாரம் இல்லை" என்று பதில் வருகிறது. வழக்கறிஞரும் இந்தப் பத்திரத்தோடு வழக்குப் போட யோசிக்கிறார். "இதர எல்லாக் காரியங்களும்" என்றால் இது அடங்காதா?

எல்லாம்_கொடு:
ஒவ்வொன்றாக எழுதினால் ஏதாவது விட்டுப்போகும். விற்பனை உட்பட எல்லாவற்றுக்கும் பொது பவர் கொடுத்துவிடுங்கள். சொந்தத் தம்பிதானே. தூதரகத்தில் கையெழுத்துப் போட்டு, அதன் மேல் வெளிநாட்டு ஆவணங்களுக்கான அப்போஸ்டில் சான்று வாங்கினால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

பத்திரக்காரர்:
விட்டுப்போகும் என்பது சரி. மற்றதை ஏற்க முடியாது.

"இதர எல்லாம்" என்ற வரி புது அதிகாரம் எதையும் தராது. பவர் பத்திரத்தை நீதிமன்றங்கள் இறுக்கமாகத்தான் படிக்கும். முன்னால் பெயர் சொல்லி எழுதிய வேலைக்குத் துணையானது மட்டுமே அந்த வரியில் அடங்கும். வாடகை வசூலிக்க ரசீது கொடுக்கலாம், நினைவூட்டுக் கடிதம் எழுதலாம். ஒப்பந்தத்தை முடிப்பதும் வழக்குப் போடுவதும் தனி வேலைகள். புதுப் பத்திரத்தில் இப்படி வேண்டும்: "வாடகை ஒப்பந்தம் செய்யவும், புதுப்பிக்கவும், முடித்துக்கொள்ளவும்; காலி செய்யச் சொல்லி அறிவிப்பு அனுப்பவும்; வழக்குத் தொடுக்கவும், எதிர்வழக்காடவும், வழக்கறிஞரை நியமிக்கவும்; முன்பணத்தைப் பெறவும், திருப்பித் தரவும்." வீட்டின் முழு விவரமும் வர வேண்டும். "என் வீடு" என்று மட்டும் எழுதினால் போதாது.

அதே பத்திரத்தில் எதைச் செய்யக் கூடாது என்றும் எழுதுங்கள்: விற்பனை, அடமானம், தானம், தம்பி தனக்கோ தன் குடும்பத்துக்கோ வாடகைக்கு விடுவது, இந்த அதிகாரத்தை வேறொருவருக்கு மாற்றிக் கொடுப்பது. இவற்றைப் பற்றிப் பத்திரம் மௌனமாக இருந்தால், பின்னால் "அடங்கும்" என்று வாதாட ஒருவர் வருவார்.

தூதரகமும் அப்போஸ்டிலும் ஒன்றன் மேல் ஒன்று போடுகிற முத்திரைகள் அல்ல. அப்போஸ்டிலுக்கு அடிப்படையான 1961 ஹேக் உடன்படிக்கை, தூதரக அதிகாரிகள் செய்யும் ஆவணங்களுக்குப் பொருந்தாது. தூதரகம், இல்லையென்றால் உள்ளூர் நோட்டரியும் அப்போஸ்டிலும். இரண்டு நாடுகளும் அந்த உடன்படிக்கையில் இருந்தால்தான் இரண்டாவது வழி. வீடு இருக்கும் நாட்டில் அதன் பிறகு பதிவோ முத்திரைத்தீர்வையோ கேட்பார்களா என்று கையெழுத்துப் போடும் முன்பே விசாரியுங்கள். அப்போஸ்டில் சொல்வது கையெழுத்து, பதவி, முத்திரை உண்மையானவை என்பதை மட்டும்தான். உள்ளே எழுதியது சரியா என்று அது பார்க்காது.

ஒன்று கேட்க வேண்டும். வீடு உங்கள் பெயரில் மட்டும்தானா?

தொலைவில்_வீடு:
நானும் மனைவியும் சேர்ந்து வாங்கியது. பவரில் நான் மட்டும்தான் கையெழுத்துப் போட்டேன்.

பத்திரக்காரர்:
அப்படியென்றால் அவர் பங்குக்குத் தம்பியிடம் அதிகாரமே இல்லை. புதுப் பத்திரத்தில் இருவரும் கையெழுத்திடுங்கள். ஏற்கெனவே போட்ட வாடகை ஒப்பந்தம், அனுப்பிய நோட்டீஸ் இரண்டையும் தேதி குறிப்பிட்டு "ஏற்றுக்கொள்கிறோம்" என்று தனியாக எழுதுங்கள். ஒப்பந்தத்துக்கு அது பெரும்பாலும் உதவும். நோட்டீஸுக்கு எடுபடுமா என்பதை உங்கள் வழக்கறிஞர்தான் சொல்ல வேண்டும். நானாக இருந்தால் புதுப் பத்திரம் வந்ததும் நோட்டீஸை மறுபடி அனுப்பிவிடுவேன்.

பெரியப்பா_வழக்கு:
எங்கள் வீட்டில் நடந்தது வேறு கதை. வாடகை நேராகப் பெரியப்பாவின் கணக்குக்குப் போனது. மாதாமாதம் "பழுது வேலை" என்று கழித்துக்கொண்டார். பத்திரத்தில் கணக்குக் காட்ட வேண்டும் என்று ஒரு சொல்கூட இல்லை. கேட்டால் "குடும்பத்துக்குள் கணக்கா?" என்று கோபித்துக்கொண்டார். பவரை ரத்து செய்தோம். ஆனால் வாடகைதாரருக்குச் சொல்லாததால் அடுத்த மாத வாடகையையும் அவர் பெரியப்பாவிடமே கொடுத்துவிட்டார். எங்களால் வாடகைதாரரைக் குறை சொல்ல முடியவில்லை.

பத்திரக்காரர்:
அதனால்தான் வாடகை உரிமையாளரின் கணக்குக்கே போக வேண்டும் என்று எழுதச் சொல்வது. குறிப்பிட்ட தொகைக்கு மேல் பழுது வேலை என்றால் எழுத்தில் சம்மதம், மூன்று மாதத்துக்கு ஒரு முறை ரசீதுகளோடு கணக்கு. பவரை ரத்து செய்தால் பவர் பெற்ற முகவர், வாடகைதாரர், வங்கி மூவருக்கும் அறிவிப்பு போக வேண்டும், பதிவான பத்திரமென்றால் பதிவு அலுவலகத்துக்கும்.

சின்னக்கேள்வி:
எனக்குப் பிறகு வீடு தம்பிக்குப் போக வேண்டும் என்று பவரிலேயே எழுதிவிட்டால் போதுமா?

பத்திரக்காரர்:
போதாது. கொடுத்தவர் இறந்தால் சாதாரண பவர் அத்தோடு முடிந்துவிடும். அதற்கு உயில் வேண்டும்.

தொலைவில்_வீடு:
நன்றி ஐயா. தடைப் பட்டியலைப் படித்துக் காட்டியபோது "என்மேல் சந்தேகமா அண்ணா?" என்று கேட்டான் தம்பி. கணக்கு விஷயத்துக்குச் சரி என்றவன், மாற்றிக் கொடுக்கக் கூடாது என்பதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. அவன் வெளியூர் போனால் வழக்கு தேதிக்கு யார் போவது என்கிறான். வழக்கு நாளுக்கு மட்டும் ஒருவரை அனுப்பலாம் என்று எழுத முடியுமா?