கையொப்பம் பொருந்தவில்லையென்று காசோலை திரும்பிவிட்டது

அக்கரைப்பற்றுக் கடைக்காரர் ஒருவர் நெல்லுக்குத் தந்த 85,000 ரூபாய் காசோலையைச் செவ்வாய் காலை களுவாஞ்சிகுடியில் என் கணக்கில் போட்டேன். வேறு வங்கிக் காசோலை என்பதால் அடுத்த வேலை நாள் காசு வந்திருக்க வேண்டும். புதன் பின்னேரம் ‘கையொப்பம் வேறுபடுகிறது’ என்று திரும்பிவிட்டது.

வங்கியில் விசாரித்தேன். அவருடைய வங்கிக்குப் போவது காசோலையின் படம் மட்டும்தானாம். அதைக் கணக்குத் திறந்தபோது கொடுத்த மாதிரிக் கையொப்பத்தோடு ஒப்பிடுவார்களாம். அவரிடமும் கேட்டேன். கணக்கில் காசு இருக்கிறது. வங்கியிலுள்ள மாதிரிக் கையொப்ப அட்டையில் தமிழில் முழுப் பெயர். இந்தக் காசோலையிலோ ஆங்கிலத்தில் இரண்டெழுத்துச் சுழிப்பு.

அவர் மாதிரிக் கையொப்பத்தை மாற்றிக்கொடுத்தால் இதே காசோலையைத் திரும்பப் போடலாமா, அல்லது பழைய கையொப்பத்தோடு புதுக் காசோலைதான் வாங்க வேண்டுமா?