கலைச்சொல் தேவை: செயினை எடுத்தபின் தோலை ‘ஹீல்’ செய்வதற்கு

எழுதியவர்: குடந்தை ஸ்டுடியோ

குழுவினருக்கு வணக்கம். சனிக்கிழமை நம் ஊர் ஸ்டுடியோ பையன்கள் பத்துப் பேருக்கு ஃபோட்டோஷாப் வகுப்பு எடுக்கிறேன். தமிழில் குறிப்பு அச்சாக வேண்டும். பாடத்துக்கு எடுத்துக்கொண்டது அஞ்சலி பேனருக்கு வந்த ஒரு பெரியவர் படம். கழுத்தில் டாலர் வைத்த செயின். அது கல்யாணத்துக்கு இரவல் வாங்கிப் போட்டது, பேனரில் இருந்தால் வம்பு, எடுத்துவிடுங்கள் என்றார்கள் வீட்டார். க்ளோன் ஸ்டாம்ப்புக்கு ‘படியச்சு’ என்று வைத்துவிட்டேன். ஹீலிங் பிரஷ்ஷுக்குத்தான் சொல் சிக்கவில்லை.

எழுதியவர்: மாயவரம் தமிழாசிரியர்

தம்பி, புண் ஆறுவது தன்வினை, ஆற்றுவது பிறவினை. ‘ஆற்று தூரிகை’ என்று வையுங்கள். வினைத்தொகை, மூன்று காலத்துக்கும் பொருந்தும்.

எழுதியவர்: திருவையாறு

காவிரிக் கரையில் உட்கார்ந்துகொண்டு ஆற்றுத் தூரிகையா? ஆற்றில் தூர்வாரும் கருவி என்றல்லவா நினைப்பார்கள், ஐயா!

எழுதியவர்: மாயவரம் தமிழாசிரியர்

நீங்கள் போட்ட ‘த்’ நான் போடாதது. வினைத்தொகையில் வல்லினம் மிகாது. ஒற்று வந்தால் நதி, வராவிட்டால் மருந்து. காயம் ஆறுவதும் காப்பி ஆறுவதும் ஒரே வினை என்பதையும் கவனியுங்கள். சூடு தணிவதுதான் மூலப்பொருள். நதிக்கும் அதற்கும் உறவு உண்டா என்று தனி மடல் எழுதுகிறேன்.

எழுதியவர்: குடந்தை ஸ்டுடியோ

ஐயா, வகுப்பில் வாயால் சொல்லும்போது அந்த ‘த்’ யார் காதில் விழும்?

எழுதியவர்: நாகப்பட்டினம்

எதற்கு இத்தனை பேச்சு? ஹீலிங் என்பது ஓரம் மங்கலான க்ளோன். ‘மென்படியச்சு’ போதும்.

எழுதியவர்: தஞ்சை, பழைய படங்களைச் சீர் செய்பவர்

பாதி சரி. இரண்டுக்கும் ஆல்ட் அழுத்தித்தான் மூல இடம் காட்டுகிறோம். ஆனால் க்ளோன் அங்கிருப்பதை நிறத்தோடு அப்படியே கொண்டுவந்து ஒட்டும். ஹீலிங், தோலின் மேடுபள்ளத்தையும் துளைகளையும் மட்டும் அங்கிருந்து எடுத்துக்கொண்டு, நிறத்தையும் வெளிச்சத்தையும் ஒட்டுகிற இடத்தின் சுற்றுப்புறத்திலிருந்து எடுக்கும். அதனால்தான் கழுத்தில் நன்றாக வரும் ஹீலிங், காலர் ஓரத்தில் காலை வாருகிறது.

குடந்தை அண்ணா சொன்ன படத்தையே எடுத்துக்கொள்வோம். வெற்று லேயர் ஒன்றைப் போட்டு, ‘சாம்பிள்’ என்ற இடத்தில் Current & Below வைத்துக்கொள்ள வேண்டும். செயினுக்குச் சற்று மேலே, அதே வெளிச்சம் விழும் தோலை மூலமாக எடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஒத்தி ஒத்தி வர வேண்டும். செயினை எடுத்துவிட்டு அதன் நிழலை விட்டுவிடுவதுதான் புதியவர்கள் செய்கிற தப்பு. பொன் போனபின்னும் கழுத்தில் பழுப்புக் கோடு நிற்கும். செயின் காலருக்குள் நுழைகிற இடத்தில் அதே பிரஷ்ஷால் இழுத்தால் வெள்ளைச் சட்டையின் நிறம் தோலில் கசிந்து, சாம்பல் பூசினாற்போல ஆகும். அங்கே காலர் விளிம்பைப் பென் டூலால் வரைந்து செலக்‌ஷனாக்கி, தோல் பக்கம் தனி, துணிப் பக்கம் தனி என்று க்ளோனால் முடிக்க வேண்டும். டாலர் மறைத்த பொத்தானுக்குக் கீழ்ப்பொத்தானை நிழலோடு எடுத்து வைக்கலாம். கட்டம் போட்ட சட்டையென்றால் கோடு கோட்டோடு சேருகிறதா என்று பார்க்க வேண்டும். காலரின் மறுபாதியைத் திருப்பி ஒட்டுவது சுலபம்தான், ஆனால் வெளிச்சமும் திரும்பிவிடும்.

ஆகவே ‘மென்மை’ பொருந்தாது. இடத்தோடு இசைவதுதான் அதன் வேலை. ‘இசைவுத் தூரிகை’ என் முன்மொழிவு.

எழுதியவர்: மன்னார்குடி

என் அம்மாவுக்கு மூக்குத்தி எடுத்த இடத்தில் துளை தூராமல் நிற்கிறது. இந்தத் தூரிகை மருந்துக்கடையில் கிடைக்குமா? எத்தனை நாள் போட வேண்டும்?

எழுதியவர்: தஞ்சை, பழைய படங்களைச் சீர் செய்பவர்

அம்மா, இது கம்ப்யூட்டரில் படத்தைத் திருத்துகிற கருவி. துளைக்குத் தோல் மருத்துவரைப் பாருங்கள். படத்தில் இருக்கிற மூக்குத்தி என்றால் அனுப்புங்கள். மூக்கின் வளைவில் வெளிச்சம் சட்டென்று மாறும், மூலத்தை அதே பக்க மூக்கிலிருந்து அரை நெல் தூரத்துக்குள் எடுக்க வேண்டும். வாட்ஸப்பில் வந்த படமென்றால் தோல்துளையே மிஞ்சியிருக்காது, எடுத்து ஒட்ட ஒன்றுமில்லை.

எழுதியவர்: திருவையாறு

நட்ட வயலில் பயிர் செத்த இடத்தில் பக்கத்து நாற்றை ஊன்றுவோமே, அந்த மாதிரி ஒரு சொல் இல்லையா? ‘ஊன்று தூரிகை’?

எழுதியவர்: நாகப்பட்டினம்

ஊன்றுகோல் நினைவு வருகிறது. பையன்கள் ‘ஹீலிங்’ என்றுதான் சொல்லப்போகிறார்கள். அதையே அச்சடியுங்கள்.

எழுதியவர்: மாயவரம் தமிழாசிரியர்

அப்படியானால் ‘படியச்சு’ மட்டும் எதற்கு? அதையும் க்ளோன் என்றே போடுங்கள். ‘இசைவு’ சம்மதத்தையும் குறிக்கும். பெண் பார்க்கப் போகிற தூரிகை மாதிரி இருக்கிறது.

எழுதியவர்: குடந்தை ஸ்டுடியோ

அச்சகத்தில் நேற்றே கேட்டார்கள். ‘ஆற்று’க்கு மூவர், ‘இசைவு’க்கு இருவர், மற்றவர்கள் களைத்துவிட்டார்கள். ஐயா சொன்னதையே கொடுத்துவிட்டேன், பக்கத்தில் ‘ஹீலிங்’ என்றும் போட்டு.

எழுதியவர்: தஞ்சை, பழைய படங்களைச் சீர் செய்பவர்

சரி. என் வகுப்பில் ‘இசைவு’ என்றே சொல்வேன்.

எழுதியவர்: குடந்தை ஸ்டுடியோ

ப்ரூஃப் வந்துவிட்டது. பிழை திருத்துகிறேன் என்று அச்சகத்துக்காரர் எட்டு இடத்திலும் ‘த்’ சேர்த்திருக்கிறார்.