இலையை மடித்து எறிந்த பிறகு: சாப்பிட்டவருக்கு ஒவ்வாமை வந்த அன்று என்ன எழுதி வைத்தீர்கள்?

வாழையிலைக் கடைக்காரர் (பெஸ்தாரி ஜெயா)

பத்தாங் பெர்ஜுந்தை என்றே இன்னமும் நாங்கள் அழைக்கும் இந்த ஊரில், ஞாயிற்றுக்கிழமை மதியம் வெளியூர்க் குடும்பங்களும் தோட்டத்து உறவுகளைப் பார்க்க வந்தவர்களும் எங்கள் கடையில் நிறைந்துவிடுவார்கள். அப்படி ஒரு ஞாயிறன்று ஆறாம் மேசையில் அமர்ந்த ஒரு பெண்மணி வாழையிலைச் சாப்பாடும் பொரித்த மீனும் கேட்டார். சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதே உதடு வீங்கி, கழுத்தில் தடித்து, குரல் கம்மிப் போனது. 999-ஐ அழைத்தோம். மருத்துவமனையில் இரண்டு நாள் இருந்து நலமாகத் திரும்பினார் என்பதே எனக்குக் கிடைத்த ஒரே ஆறுதல்.

என்னை இன்றும் உறுத்துவது அதற்கு முந்தைய ஒரு கணம். அவரைச் சாய்வாக உட்கார வைத்துத் தண்ணீர் எடுக்க ஓடித் திரும்பியபோது, பரிமாறும் தம்பி எப்போதும் செய்வதைப் போல இலையை மடித்து வாளியில் போட்டிருந்தான். அவர் என்னென்ன சாப்பிட்டார் என்று மருத்துவர் தொலைபேசியில் கேட்டபோது நான் பில்லைப் பார்த்தேன். 'வாழையிலை 1, மீன் 1' என்று மட்டுமே அதில் இருந்தது. எத்தனை கூட்டு வைத்தோம், எந்தக் குழம்பை எத்தனை முறை ஊற்றினோம் என்பதெல்லாம் எந்தத் தாளிலும் இல்லை.

அன்று பரிமாறிய கங்கோங் கீரையில் பெலாச்சான் இருந்தது. மீன் பொரித்த எண்ணெயில் காலையில் இறால் வடை பொரித்திருந்தோம். அவர் இறால் ஆகாது என்று ஆர்டர் எடுக்கும்போதே சொன்னதாகக் குடும்பத்தார் சொல்கிறார்கள். கடல் உணவு வேண்டாம் என்றுதான் சொன்னார் என்கிறான் தம்பி. ஆனால் அவரே மீன் கேட்டிருக்கிறாரே என்பது எனக்கு விளங்காமல் இருக்கிறது. அன்றிரவு நான் எழுதிய குறிப்பில் 'கடல் உணவு ஒவ்வாமை, சாப்பிட்ட பின் சொன்னார்' என்று இருக்கிறது. அதை எழுதியபோது யாரிடம் கேட்டு எழுதினேன் என்றே இப்போது நினைவில்லை. இப்படி ஒரு நாளைச் சந்தித்தவர்கள் என்ன எழுதி வைத்தீர்கள் என்று சொல்லுங்கள்.

பாதாம்_அம்மா

ஐயா, நான் சாப்பிடும் பக்கத்தில் இருப்பவள். என் மகனுக்கு வேர்க்கடலை ஆகாது. தாமான் முனையில் உள்ள ஒரு கடையில் 'கச்சாங் தாக் போலே' என்று நான் சொன்னேன்; அந்தப் பையன் தலையாட்டிவிட்டுத் தாளில் 'கச்சாங் வேண்டாம்' என்று எழுதிக்கொண்டு போனான். மீ கோரெங் வந்தபோது அதில் நீளப் பயற்றங்காய் ஒன்றுகூட இல்லை. ஆனால் வேர்க்கடலை அரைத்த குழம்பு நன்றாகக் கலந்திருந்தது. மலாயில் கச்சாங் என்றால் வேர்க்கடலையும் அதுதான், பயற்றங்காயும் அதுதான், பச்சைப் பயறும் அதுதான் என்பது எனக்கு அன்று வரை தோன்றவே இல்லை. அந்தப் பையன் சொன்னதைச் செய்திருக்கிறான். நான் சொன்னது வேறாக அவன் காதில் விழுந்திருக்கிறது. அதனால் உங்கள் தம்பி பொய் சொல்கிறான் என்று உடனே முடிவுக்கு வந்துவிடாதீர்கள். எந்த மொழியில், எந்தச் சொல்லில் கேட்டான் என்று மட்டும் கேளுங்கள்.

முப்பதாண்டுச் சமையல்காரர்

நான் தோட்டத்துக் கல்யாண வீடுகளில் தொடங்கி மூன்று கடைகளில் சமைத்தவன். என் கருத்தில் இறாலை நன்றாக வேகவைத்தால், அல்லது எண்ணெயில் நன்றாகப் பொரித்தால், அந்தத் தொந்தரவு பெரிதாக இராது. ஆகவே எண்ணெய் காரணமாக இருக்க வாய்ப்பில்லை. பெலாச்சான்தான் காரணம் என்று எழுதிவிடுங்கள். ஆனால் ஒன்று சொல்வேன், எழுதுவதே ஆபத்து. எழுதிய தாள் நாளைக்கு நமக்கு எதிராக நிற்கும். எங்கள் கடையில் ஒருவருக்கு உடல் தடித்தபோது, அரிப்பு மாத்திரை கொடுத்தோம், அரை மணி நேரத்தில் அடங்கிவிட்டது, அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். எழுதாமல் விட்டதால் எந்த வம்பும் வரவில்லை.

ஓய்வுபெற்ற டிரஸ்ஸர்

நான் முதலில் தோட்டத்து மருந்தகத்திலும் பிறகு அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவிலும் வேலை பார்த்தவன். சமையல்கார அண்ணன் சொன்னதில் ஒன்றை மறுத்தாக வேண்டும். இறாலில் ஒவ்வாமையைத் தூண்டும் முக்கியப் புரதம் சூட்டைத் தாங்கும். வேகவைத்தாலும் பொரித்தாலும் அது அப்படியே இருக்கும். பெலாச்சான் செய்யப் பயன்படும் கூனியும் இறால் இனத்தைச் சேர்ந்ததே. உலர்த்திப் புளிக்க வைத்ததால் மட்டும் அது பாதுகாப்பாகிவிடாது. ஆகவே எண்ணெயையும் தள்ளிவிட முடியாது, கீரையையும் தள்ளிவிட முடியாது. இரண்டையும் எழுத வேண்டும். எது காரணம் என்பதைக் கடையில் யாரும் எழுதக் கூடாது, அதைப் பரிசோதனைக்குப் பிறகு மருத்துவர்தான் சொல்ல வேண்டும். பார்த்ததையும் கேட்டதையும் எழுதுங்கள், முடிவை எழுதாதீர்கள்.

மாத்திரையால் அரிப்பு அடங்கலாம். ஆனால் தொண்டை வீங்கி மூச்சு தடைபடும்போது அது போதாது. தொடையின் வெளிப்பக்கத்தில் போடும் அட்ரினலின் ஊசிதான் முதல் மருந்து. மேலும், அடங்கியது போலத் தோன்றிய அறிகுறி சில மணி நேரம் கழித்து மீண்டும் வரக்கூடும். அதனால் மாத்திரை கொடுத்திருந்தால் அதன் பெயரையும், எத்தனை மாத்திரை என்பதையும், கொடுத்த நேரத்தையும் எழுதி, நோயாளியுடன் அனுப்புங்கள்.

கடைக்காரர் ஐயாவுக்கு நான் சொல்ல விரும்புவது நேரத்தைப் பற்றித்தான். அவசரப் பிரிவில் நாங்கள் முதலில் கேட்பது, எப்போது சாப்பிட்டார், முதல் அறிகுறி எப்போது, எது முதலில் வந்தது என்பவைதாம். உதடு சுணைத்ததா, தடிப்பு வந்ததா, வாந்தி வந்ததா, குரல் மாறியதா என்று அதே வரிசையில் தெரிந்தால், எவ்வளவு வேகமாக ஏறியது என்பது புரியும். கடும் ஒவ்வாமையின்போது இரத்தத்தில் கூடும் ட்ரிப்டேஸ் என்ற பொருளின் அளவைப் பார்க்க வேண்டியிருந்தால், அறிகுறி தொடங்கிய நேரத்தை வைத்துத்தான் மருத்துவர் இரத்தம் எடுக்கும் வேளையைத் தீர்மானிப்பார். ஓரிரு மணி நேரத்துக்குள் எடுப்பது நல்லது. ஒரு கடையில் கல்லாவின் கடிகாரம் ஏழு நிமிடம் முன்னால் ஓடியதால், பில்லின் நேரமும் ஆம்புலன்ஸ் அழைப்பின் நேரமும் பொருந்தாமல் போனதைக் கண்டிருக்கிறேன். ஆகவே கைப்பேசியின் நேரத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அவரை நடக்க வைத்தீர்களா, படுக்க வைத்தீர்களா என்பதையும் எழுதுங்கள். இரத்த அழுத்தம் இறங்கியவரை எழுப்பி நிற்க வைப்பது ஆபத்தானது. மூச்சு தடைபட்டு உட்கார்ந்திருப்பவரை மட்டும் அப்படியே விட்டுவிடுவது நல்லது.

ஒவ்வாமையைப் பற்றி அவர் சொன்னதை இரண்டு தனிப் பத்திகளாகப் பிரியுங்கள். ஆர்டர் எடுப்பதற்கு முன் சொன்னது ஒன்று, உடம்பு கெட்ட பிறகு சொன்னது மற்றொன்று. நீங்கள் எழுதிய 'கடல் உணவு ஒவ்வாமை, சாப்பிட்ட பின் சொன்னார்' என்ற வரியில் இரண்டும் ஒன்றாகக் கலந்துவிட்டன. அவர் இறால் என்று சொல்லியிருந்தால் இறால் என்றும், மலாயில் உடாங் என்று சொல்லியிருந்தால் உடாங் என்றும், அவர் வாய்ச் சொல்லையே எழுத வேண்டும். தம்பி பதிலுக்கு என்ன சொன்னான் என்பதும் அதே வரியில் இருக்க வேண்டும். 'இல்லை அக்கா, இறால் இல்லை' என்று சொன்னானா, தலையை மட்டும் ஆட்டினானா என்பதில் நிறைய வேறுபாடு இருக்கிறது. தம்பி கேட்டது ஒரு வரி, குடும்பத்தார் சொல்வது ஒரு வரி, இரண்டும் முரண்பட்டால் முரண்பாட்டோடேயே இருக்கட்டும். நீங்கள் எழுதிய பழைய வரியைக் கிழிக்கவோ பூசி மறைக்கவோ வேண்டாம். ஒரே கோடு போட்டு, பக்கத்தில் தேதியும் கையெழுத்தும் இட்டுச் சரியானதை எழுதுங்கள்.

பிரியாணி_பேட்டை

எங்களுக்கும் இதேபோல் நடந்தது. கிள்ளானில் இருந்து தாப்பாவ் வாங்கி வந்த பிரியாணியைச் சாப்பிட்ட நால்வருக்கும் மறுநாள் காலை வயிற்றுப்போக்கு. கடைக்குச் சொன்னபோது ரசீது இல்லை என்றார்கள். ஆகவே ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

ஓய்வுபெற்ற டிரஸ்ஸர்

தம்பி, பலருக்கு ஒரே நேரத்தில், பல மணி நேரம் கழித்து வயிறு கெட்டால் அது வேறு பிரச்சினை. அதற்கு உணவு நச்சு என்று சுகாதார அலுவலகத்துக்குத் தெரிவிக்கும் வழி தனி. ஒருவருக்கு மட்டும், சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தடிப்பும் மூச்சுத் தடையும் வருவதைத்தான் கடைக்காரர் ஐயா கேட்கிறார். அவர் கையில் இருந்த பில்லிலும் முழு விவரம் இல்லை என்பதே அவருடைய கவலை.

மொத்தக் கடை மேலாளர்

நான் பார்த்த சம்பவம் சிறியது. எங்களிடம் மசாலா வாங்கும் கடையில் முந்திரி சேர்த்த குருமாவால் ஒருவருக்கு முகம் வீங்கியது, அவ்வளவுதான். ஆனால் அதற்குப் பிறகு நான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டே இருப்பது ஒன்று உண்டு. பாக்கெட்டில் அடைத்து விற்கும் உணவுக்கு 1985-ஆம் ஆண்டின் உணவு ஒழுங்குமுறைகளின்படி, கோதுமை போன்ற குளூட்டன் என்ற புரதம் உள்ள தானியங்கள், வேர்க்கடலை சோயா உட்பட கொட்டைகள், மீன், பால், முட்டை ஆகியவை இருந்தால் லேபிளில் சொல்லியாக வேண்டும். ஆனால் கடைச் சமையலறையில் அந்தப் பாக்கெட்டைப் பிரித்து டப்பாவில் கொட்டியதும் லேபிள் குப்பைக்குப் போய்விடுகிறது. ஆகவே அன்று பயன்படுத்திய மிளகாய்ச் சாஸ், பெலாச்சான் கட்டி, மசாலா, மாவு எல்லாவற்றின் லேபிளையும் தயாரிப்புத் தொகுதி எண் தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். அந்த வாரம் பிராண்டு மாற்றினீர்களா என்பதையும் எழுதுங்கள், விலை ஏறும்போது சமையல்காரர்கள் சொல்லாமலே மாற்றிவிடுகிறார்கள். இன்னொன்று, இலை போனாலும் பாத்திரத்தின் அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்திருக்கும். ஒவ்வொரு கறியிலிருந்தும் சிறிது சுத்தமான டப்பாவில் எடுத்து, நேரம் ஒட்டி, குளிர்பெட்டியில் வைத்திருந்தால் யாராவது கேட்கும்போது கொடுத்திருக்கலாம். அன்று எந்தக் கரண்டி எந்தச் சட்டிக்கு என்பதையும் யோசித்துப் பாருங்கள். கீரைக் கரண்டி பருப்பில் விழுந்திருந்தால் பில்லும் காட்டாது, லேபிளும் காட்டாது.

முப்பதாண்டுச் சமையல்காரர்

டிரஸ்ஸர் ஐயா சொன்னதை ஏற்கிறேன், வேகவைத்தால் போய்விடும் என்று நான் வருடக்கணக்கில் நம்பியிருந்தேன். ஆனால் எழுதினால் மாட்டிக்கொள்வோம் என்ற பயம் எனக்கு இன்னும் போகவில்லை. சாப்பிடுவதற்கு முன்பே ஒரு தாளில் 'எனக்கு ஒவ்வாமை இல்லை' என்று கையெழுத்து வாங்கிக்கொண்டால் என்ன?

பாதாம்_அம்மா

அண்ணே, அப்படி ஒரு தாளை என்னிடம் நீட்டினால் நான் எழுந்து போய்விடுவேன். நான் கேட்பது என் மகனுக்கு என்ன ஆகாது என்று கேட்டு எழுதிக்கொள்ளும் ஒரு வரியைத்தான். நாங்கள் உங்களைக் குற்றம் சாட்ட வரவில்லை, சாப்பிட வருகிறோம். ஆனால் பிள்ளையின் உடல்நலத்தை எழுதிய தாளைக் கல்லா மேல் எல்லாரும் பார்க்கும்படி குத்தி வைப்பதும் எனக்குப் பிடிக்காது. அதற்கு என்ன வழி என்று யாராவது சொன்னால் நல்லது.

வாழையிலைக் கடைக்காரர் (பெஸ்தாரி ஜெயா)

நேற்று தம்பியை அருகில் உட்கார வைத்து, எதையும் நான் முன்னால் சொல்லாமல், அன்று நடந்ததை அவனே சொல்லச் சொன்னேன். அவர் மலாயில் 'உடாங் தாக் போலே', அதாவது இறால் ஆகாது என்று சொன்னதாகவும், தான் 'சீ-ஃபுட் இல்லையா?' என்று கேட்டதாகவும், அவர் ஆமாம் என்றதாகவும் சொல்கிறான். இவன் கேட்ட கேள்வியும் அவர் சொன்ன பதிலும் கலந்து, என் குறிப்பில் 'கடல் உணவு' என்று நின்றுவிட்டது. மீனைக் கேட்டது அவர் பக்கத்தில் பொருத்தமாகவே இருந்திருக்கிறது. தவறு அந்த இடத்தில் நுழைந்திருக்கிறது. பழைய வரியில் ஒரே கோடு போட்டு, இந்தப் பேச்சை அப்படியே எழுதியிருக்கிறேன். கீரையா, எண்ணெயா என்பதை இன்னும் எழுதவில்லை. பரிசோதனை செய்திருக்கிறார்களா என்று அவர் குடும்பத்தாரிடம் கேட்பதற்கு எனக்கு உரிமை உண்டா என்பதும் தெரியவில்லை.

இலைகளுக்கு மட்டும் ஒரு மாற்றம் செய்துவிட்டேன். சாப்பிட்டவர் பாதியில் எழுந்தால், அல்லது உடம்பு சரியில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால், அந்த மேசையில் உள்ள இலையை நான் வந்து படம் எடுக்கும் வரை யாரும் மடிக்கக் கூடாது என்று பரிமாறுகிற எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன்.