புதுப்பிப்பு: இன்கம்டாக்ஸ் ரீஃபண்ட் ஏன் வரலைனு தெரிஞ்சுடுச்சு

முன்னாடி நான் இங்க கேட்டது: "ரிட்டர்ன் ப்ராசஸ் ஆயிடுச்சினு மெசேஜ் வந்துச்சு, பணம் ஏன் இன்னும் வரலை?"

பழைய பாக்கிக்கு கழிச்சிருப்பாங்கன்னு காட்பாடி ஆடிட்டர் அண்ணன் சொன்னதுதான் கரெக்ட். பேங்க் அக்கவுண்ட் வேலிடேட் ஆகலைனு சொன்ன தம்பி பாதி ரைட்டு, அதுல மாட்டுனா `Refund Failed`னு காட்டும், எனக்கு `Refund Partially Adjusted`னு கீது. அதாவது ரீஃபண்ட் 14,200, ஆனா 2022-23 அசெஸ்மெண்ட் வருஷத்துக்கு 9,600 பாக்கினு சிஸ்டத்துல நின்னுகினு இருந்துச்சாம், பாக்கியை ரீஃபண்ட்ல கழிக்கப் போறோம்னு சொல்ற 245 நோட்டீஸ் ஸ்பாம்ல போயிடுச்சு, 21 நாள்ல ஒத்துக்கலைனு பதில் போடலைன்னா பாக்கியைக் கழிச்சிட்டு மிச்சத்தைதான் அனுப்புவாங்க, ஆக 4,600தான் வரும்.

அந்த பாக்கியே பழைய கம்பெனி டிடிஎஸ் கணக்குல என் பான் நம்பரை தப்பா போட்டதால வந்தது, என் பேர்ல பிடிச்ச வரியைக் காட்டுற 26ஏஎஸ்ல அந்த பிடித்தமே இல்ல. அவங்க திருத்தி போட்டாதான் நான் ரெக்டிஃபிகேஷன் போட முடியும், பாக்கலாம்னு சொல்லிகினே கீறாங்க.

குடியாத்தம் அக்கா, உங்களுது ஜிஎஸ்டி ரீஃபண்ட், அது வேற கதைக்கா.